பாதியில் அணையும் ஃபர்னஸ்

டொராண்டோ போன்ற குளிர்நகரத்து வீடுகளின் பேஸ்மென்ட்டில் நிற்கும் கேஸ் ஃபர்னஸ், சாதாரணக் குளிர்நாளில் ஒருமுறை எரியத் தொடங்கினால் பத்து, பதினைந்து நிமிடம் எரிந்துவிட்டு அணையும். வீடு கேட்ட சூட்டுக்கு வந்துவிட்டதென்று தெர்மோஸ்டாட் சொன்ன பிறகுதான் அது ஓயும். வெளியே மைனஸ் 20 டிகிரி என்றால் மணிக்கணக்கில் கூட விடாமல் எரியலாம். அதில் கோளாறு எதுவும் இல்லை. மூன்று நிமிடம் எரிந்து அணைந்து, சற்று நேரத்தில் மறுபடி எரிந்து, மறுபடி அணைந்து, வீடு மட்டும் சூடேறாமல் கிடந்தால்தான் கோளாறு. தொழில்செய்வோர் இதை ‘ஷார்ட் சைக்கிளிங்’ என்பார்கள். இதற்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றில் அடிக்கடி காணப்படுவதும், வீட்டுக்காரரே பெரும்பாலும் சரிசெய்யக்கூடியதும் ஒன்றுதான்: அழுக்கடைந்த ஃபில்டரால் காற்றோட்டம் குறைந்து, ஃபர்னஸ் உள்ளே அளவுக்கு மீறிச் சூடாகி, லிமிட் சுவிட்ச் பர்னரை நிறுத்திவிடுவது.

இதைப் புரிந்துகொள்ள, ஃபர்னஸ் எரியும் வரிசை தெரிய வேண்டும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் முதலில் இயங்குவது புகையை வெளியே தள்ளும் சிறிய விசிறி. அது சரியாகச் சுற்றுகிறதா என்று ஓர் அழுத்த சுவிட்ச் உறுதிசெய்த பிறகு இக்னைட்டர் பழுக்கிறது. கேஸ் வால்வு திறக்கிறது, பர்னர்கள் பற்றுகின்றன. தீச்சுவாலை உண்மையிலேயே இருக்கிறதா என்பதை ஃபிளேம் சென்சர் என்ற மெல்லிய கம்பி கண்டறிந்து சொல்கிறது. ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத்தான் புளோவர் என்ற பெரிய விசிறி சுழலத் தொடங்கும். வீட்டின் குளிர்ந்த காற்றை ரிட்டர்ன் டக்ட் வழியாக இழுத்து, ஃபில்டரைக் கடந்து, சூடான உலோகக் குழாய்களின் மேல் செலுத்தி, அறைகளுக்கு அனுப்புவது அதுதான். அந்தக் குழாய்த் தொகுதிக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்று பெயர். உள்ளே நெருப்பும் புகையும் ஓடுகின்றன. வெளியே வீட்டின் காற்று ஓடுகிறது. இரண்டுக்கும் இடையில் இருப்பது மெல்லிய தகடு மட்டுமே.

அந்தத் தகட்டைக் காப்பாற்றுவது அதன்மேல் ஓடும் காற்று. அடுப்பில் ஏற்றிய பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் கருகாது. தண்ணீர் வற்றினால் அதே தீயில் அடி பிடித்துவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குக் காற்றுதான் அந்தத் தண்ணீர். பர்னர் தரும் சூடு மாறுவதில்லை, அதை எடுத்துச்செல்லும் காற்று மட்டும் குறைந்துவிட்டால், மிச்சச் சூடு உலோகத்திலேயே தங்கும்.

அந்த நிலையைக் கண்காணிக்கத்தான் லிமிட் சுவிட்ச் இருக்கிறது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய வட்டத் தட்டு. பின்னால் இரண்டு முனைகள், அவற்றில் இரண்டு கம்பிகள். பெரும்பாலும் பர்னர்களுக்கு அருகே உள்ள தகட்டில் திருகப்பட்டு, அதன் முகம் மட்டும் காற்றோட்டத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே இரண்டு உலோகங்கள் ஒட்டிய குமிழ்த்தகடு ஒன்று உண்டு. குறிப்பிட்ட சூட்டில் அது சட்டென எதிர்ப்பக்கம் மடங்கி மின்தொடர்பைத் துண்டிக்கும். ஆறியதும் தானே பழைய நிலைக்கு வரும். அதன் முதுகில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். L170-40F என்று இருந்தால் 170 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது ஏறக்குறைய 77 செல்சியஸில், திறக்கும். அதிலிருந்து 40 டிகிரி இறங்கி 130-க்கு வந்ததும் மூடும் என்று பொருள். எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பதை மாடலுக்கு மாடல் தயாரிப்பாளர் தீர்மானிக்கிறார்.

சுவிட்ச் திறந்ததும் கேஸ் வால்வு மூடிக்கொள்கிறது. புளோவர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். உலோகத்தை ஆற்றுவதற்காகக் கன்ட்ரோல் போர்டு அதை நிறுத்தாமல் வைத்திருக்கிறது. இரண்டு மூன்று நிமிடத்தில் சுவிட்ச் மூடுகிறது. தெர்மோஸ்டாட் இன்னும் சூடு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் முழு வரிசையும் முதலிலிருந்து தொடங்குகிறது. வீட்டில் இருப்பவருக்கு இது தெரிவது ஒரே ஒரு விதத்தில்: வென்ட்டிலிருந்து வரும் காற்று கொஞ்ச நேரம் கொதிக்கும், கொஞ்ச நேரம் வெறும் குளிர்காற்றாக வீசும், காற்று மட்டும் நிற்காது. இந்த அடையாளம் முக்கியமானது. ஷார்ட் சைக்கிளிங்கின் மற்ற காரணங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இதுதான்.

ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஃபர்னஸ் முன்னால் இருபது நிமிடம் நின்றாலே காரணம் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பர்னர் பற்றிச் சில நொடிகளிலேயே அணைந்தால், புளோவர் தொடங்குவதற்கு முன்பே அணைந்தால், சந்தேகம் ஃபிளேம் சென்சர் மேல்; அதில் படிந்த வெண்படலத்தால் தீ எரிவதே போர்டுக்குத் தெரியாமல் போகிறது. நான்கைந்து நிமிடம் எரிந்து அணைந்து, தெர்மோஸ்டாட்டும் கேட்பதை நிறுத்திவிட்டால், வீட்டுக்குத் தேவையானதைவிடப் பெரிய ஃபர்னஸ் வைத்திருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட்டின் மேல் நேரடியாகச் சூடு படலாம். தெர்மோஸ்டாட் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கையில், சில நிமிடம் எரிந்து பர்னர் மட்டும் அணைந்து, புளோவர் தொடர்ந்து ஓடினால் அது லிமிட் சுவிட்சின் வேலை. போர்டில் மினுக்கும் சிறு விளக்கும் இதைச் சொல்லும். மினுக்கலின் எண்ணிக்கைக்கு என்ன பொருள் என்ற அட்டவணை பெரும்பாலான ஃபர்னஸ்களில் புளோவர் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் எண்கள் வேறு என்பதால் அந்தத் தாளைத்தான் நம்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரின் நினைவை அல்ல.

லிமிட் சுவிட்ச் பலமுறை அடுத்தடுத்துத் திறந்தால் போர்டு பொறுமை இழந்து ஃபர்னஸை முழுதாகப் பூட்டிவிடும். மின்சாரத்தை அணைத்துப் போட்டால் பூட்டு விலகி மறுபடி எரியத் தொடங்கும். இந்தக் குணம்தான் பலரை ஏமாற்றுகிறது. சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று நினைத்து வாரக்கணக்கில் அப்படியே ஓட்டுகிறார்கள். சரியாவதில்லை, எண்ணிக்கை மட்டும் முதலிலிருந்து தொடங்குகிறது.

இனிக் காற்று எப்படிக் குறைகிறது என்பது. ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்கார்பரோவில் தமிழர்கள் நிறைய வாழும் தெருக்களில் காணக்கூடிய வகை: மேலே குடும்பம், கீழே பேஸ்மென்ட்டில் வாடகைக்கு ஒருவர், இரண்டுக்கும் ஒரே ஃபர்னஸ், தெர்மோஸ்டாட் மேல்தளத்து ஹாலில். ஃபர்னஸ் மணிக்கு 60,000 பி.டி.யு. கேஸ் எரிப்பது, அதில் 95 சதவீதம் சூடாகக் கிடைப்பதால் வீட்டுக்கு வருவது 57,000. பெயர்த்தகட்டில் ‘வெப்ப ஏற்றம் 35 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட்’ என்று அச்சிட்டிருக்கிறது. உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் இந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம். ஃபர்னஸைப் பற்றி அறிய வேண்டிய மிக முக்கியமான எண் இதுவே. ஆனாலும் வீட்டுக்காரர்கள் ஒருவரும் இதைப் படிப்பதில்லை, அவசரத்தில் வரும் பழுதுபார்ப்பவர்கள் சிலரும் அளந்து பார்ப்பதில்லை.

இதில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. கிடைக்கும் சூட்டை, வெப்ப ஏற்றத்தாலும் 1.08 என்ற எண்ணாலும் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று ஓடுகிறது என்று வரும். சுத்தமான ஃபில்டரோடு இந்த வீட்டில் ஏற்றம் 50 டிகிரி என்றால், காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,050 கன அடி. ஃபில்டர் அடைத்துக் காற்று 600 கன அடியாகக் குறைந்தால் அதே கணக்கில் ஏற்றம் 88 டிகிரிக்குத் தாவுகிறது. 68 டிகிரியில், அதாவது 20 செல்சியஸில், உள்ளே போகும் காற்று 156 டிகிரியில் வெளியேறும். அது கலந்து வரும் காற்றின் சராசரி. ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குப் பக்கத்தில், லிமிட் சுவிட்சின் முகம் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், இன்னும் கூடுதலாக இருக்கும். 170 டிகிரியில் திறக்க வேண்டிய சுவிட்ச் திறந்துவிடுகிறது. அது தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

இந்த வீட்டில் ஃபில்டர் அடைத்ததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமல்ல. 2023 ஜூனில் கியூபெக், ஒன்டாரியோ காட்டுத்தீயின் புகை டொராண்டோவை மூடியபோது, நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 ஃபில்டர் போடும்படி பரவலாகச் சொல்லப்பட்டது. கோவிட் காலத்திலும் அதே பரிந்துரை இருந்தது. பரிந்துரை சரிதான். ஆனால் மெர்வ் எண் கூடக்கூட இழைகள் நெருங்கும், காற்று நுழைவது கடினமாகும். நான்கைந்து அங்குலத் தடிமன் உள்ள ஃபில்டரில் மடிப்புகள் ஆழமானவை; காற்று நுழையப் பரப்பு தாராளமாகக் கிடைக்கும். ஒரே அங்குலத் தடிமனில் மெர்வ் 13 வாங்கி, மெர்வ் 8 இருந்த இடத்தில் செருகினால், புதிதாக இருக்கும்போதே அது ஃபர்னஸை மூச்சுத்திணற வைக்கக்கூடும்; இரண்டு மாதம் தூசி சேர்ந்த பிறகு கேட்கவே வேண்டாம். அதன் மேல் பேஸ்மென்ட்டில் புதிய சுவர் எழுப்பினார்கள் என்றால், டிரைவால் தேய்த்த வெண்தூசி ஒரு ஃபில்டரைச் சில நாளிலேயே முடித்துவிடும். தினசரித் தாளிப்பில் பறக்கும் எண்ணெய்ப் பசையும் ஃபில்டரில் ஒட்டித் தூசியைப் பிடித்துவைக்கும். மூன்று மாதம் தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருப்பது இப்படிப்பட்ட வீட்டுக்குப் பொருந்தாது. குளிர்காலத்தில் ஓர் அங்குல ஃபில்டரை மாதம் ஒருமுறை வெளியே இழுத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. கீழே குடியிருப்பவருக்கு, தெர்மோஸ்டாட் மேலே இருப்பதால், அறை அளவுக்கு மீறிச் சூடாகிறது. அவர் தன் பக்கத்து வென்ட்களை மூடிவிடுகிறார். மேலே யாரும் தங்காத படுக்கையறையின் வென்ட்டும் கேஸை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் மூடப்படுகிறது. ஃபர்னஸ் எரிக்கும் கேஸ் இதனால் குறைவதில்லை. அதே சூடு குறைவான காற்றின் மேல் ஏறுகிறது. வென்ட்களை மூடுவது ஃபில்டர் அடைவதன் மறுபக்கம்தான். அங்கே காற்று நுழைய வழியில்லை, இங்கே வெளியேற வழியில்லை. சோபாவுக்குப் பின்னால் மறைந்த ரிட்டர்ன் கிரில்லும் இதே கணக்கில் வரும்.

இத்தனை தடைகளும் அக்டோபரிலேயே இருந்திருக்கும், ஆனால் அப்போது யாரும் உணர்ந்திருக்க மாட்டார்கள். மிதமான குளிரில் தெர்மோஸ்டாட் கொஞ்ச நேரமே சூடு கேட்கிறது. உள்ளே சூடு ஏறி லிமிட் சுவிட்சை எட்டுவதற்குள் வீடு போதுமான சூட்டுக்கு வந்து பர்னர் அணைந்துவிடும். இரண்டு நிலையில் எரியும் ஃபர்னஸ் என்றால் குறைந்த தீயிலேயே காலத்தை ஓட்டிவிடும். ஜனவரியில் வெளியே மைனஸ் 18 ஆகும் இரவில்தான் ஃபர்னஸ் முழுத்தீயில் நீண்ட நேரம் எரிய வேண்டி வரும். அன்றுதான் சுவிட்ச் முதல்முறையாகத் திறக்கும். நேற்று வரை நன்றாகத்தானே ஓடியது என்று எல்லோரும் சொல்வது அதனால்தான். புதிய வகை புளோவர் மோட்டார்கள் இன்னும் நன்றாக மறைக்கும். பழைய மோட்டார் தடை கூடினால் குறைவான காற்றைத் தள்ளும். புதியது தடையை உணர்ந்து வேகத்தைக் கூட்டிக் காற்றளவைக் காக்கப் பார்க்கும். இரைச்சல் கூடும், மின்கட்டணம் கூடும், வீடு சூடாகத்தான் இருக்கும். மோட்டாரால் இனி முடியாது என்ற நாளில் திடீரென்று எல்லாம் தெரியவரும்.

சோதனைக்கு முதல் படி எளிது. ஃபர்னஸின் மின்சுவிட்சை அணைத்து, ஃபில்டரை உருவி வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க வேண்டும். மறுபக்கம் வெளிச்சம் கசியவில்லை என்றால் மேற்கொண்டு யோசிக்க எதுவுமில்லை. வீட்டின் வென்ட்களை எல்லாம் திறந்துவிட்டு, ஃபில்டர் இல்லாமல், கதவை ஒழுங்காக மூடி, ஃபர்னஸை இருபது நிமிடம் ஓட்டிப் பார்க்கலாம். நிற்காமல் எரிந்தால் காரணம் தெரிந்துவிட்டது. இது சோதனைக்கு மட்டுமே. ஃபில்டர் இல்லாமல் நாட்கணக்கில் ஓட்டினால் தூசியெல்லாம் உள்ளே போய் உட்கார்ந்து இன்னும் பெரிய செலவை வைக்கும். புதிய ஃபில்டர் போடும்போது சட்டத்தில் அச்சிட்ட அம்புக்குறி புளோவரை நோக்கி இருக்க வேண்டும். அளவும் சரியாக இருக்க வேண்டும். ஓரத்தில் இடைவெளி விட்டால் காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு போகும், தூசியையும் கூட்டிக்கொண்டு.

ஃபில்டர் மாற்றியும் பர்னர் பாதியில் அணைகிறது என்றால் அளந்துதான் ஆக வேண்டும். இரண்டு தெர்மாமீட்டர் போதும். ஒன்றை ஃபர்னஸுக்குள் காற்று நுழையும் ரிட்டர்ன் டக்ட்டிலும், மற்றொன்றை வெளியேறும் டக்ட்டிலும் செருக வேண்டும். வெளியேறும் பக்கத்தில் ஹீட் எக்ஸ்சேஞ்சரை நேராகப் பார்க்கும் இடத்தில் செருகக் கூடாது. உலோகத்தின் வெக்கை பட்டுக் கூடுதலாகக் காட்டும். சற்றுத் தள்ளி, டக்ட் ஒரு திருப்பம் திரும்பிய பிறகு வைப்பது சரி. பத்து நிமிடம் எரிந்து எண்கள் நிலைத்த பிறகு வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். அவ்வளவு நேரம் எரியவே இல்லையென்றால், அணையும் தருணத்து எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் மெர்வ் 8 ஃபில்டர் போட்டு, வென்ட்களைத் திறந்த பின் ஏற்றம் 72 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 88-லிருந்து இறங்கியிருக்கிறது, சாதாரண நாட்களில் ஃபர்னஸ் நிற்காமலும் எரியும். பலர் இந்த இடத்தில் வேலை முடிந்தது என்று விட்டுவிடுவார்கள். முடியவில்லை. பெயர்த்தகட்டின் உச்சவரம்பு 65. கணக்கின்படி காற்று 730 கன அடிதான் ஓடுகிறது. மிச்சத்தை இன்னும் ஏதோ தடுக்கிறது. அது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும். கோடையில் குளிரூட்டும் ஏ.சி.யின் காயில் ஃபர்னஸுக்கு நேர் மேலே டக்ட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கோடையில் அது ஈரமாக இருக்கும்போது, ஃபில்டரைச் சுற்றி வந்த தூசி அதன் அடிப்பக்கம் ஒட்டி, காய்ந்து, சாம்பல்நிறக் கம்பளிபோல் படிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் பளபளவென்றிருக்கும். கீழிருந்து கண்ணாடி பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அதிகத் திறன் கொண்ட ஃபர்னஸ்களில் புளோவருக்கு நேரே இருக்கும் இரண்டாவது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய தகடுகளுக்கு இடையிலும் இதே பஞ்சு சேரும். புளோவர் சக்கரத்தின் வளைந்த இதழ்களில் அப்பிய அழுக்கு, வலுவிழந்த கெப்பாசிட்டர், குறைந்த வேகத்தில் இணைக்கப்பட்ட மோட்டார் கம்பி ஆகியவையும் பார்க்க வேண்டியவை. காயிலைச் சுத்தம் செய்த பிறகு ஏற்றம் 52-க்கு இறங்கினால், காற்று மறுபடி 1,000 கன அடியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அப்போதுதான் வேலை முடிந்தது.

காற்றோட்டம் எல்லாம் சரியாக இருந்தும் ஏற்றம் வரம்பை மீறினால், மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும்: பர்னருக்கு அளவுக்கு மீறிக் கேஸ் வரலாம். கேஸ் அழுத்தத்தை அளந்து திருத்துவது வீட்டுக்காரர் கைவைக்கும் வேலை அல்ல. ஒன்டாரியோவில் டி.எஸ்.எஸ்.ஏ. உரிமம் பெற்ற கேஸ் டெக்னீஷியன்தான் அதைச் செய்யலாம்.

லிமிட் சுவிட்ச் கெட்டுப்போவதே இல்லையா என்றால், போகும். பல வருடம் ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடிய குமிழ்த்தகடு களைத்து, 170-க்குப் பதில் 140-இலேயே திறக்கத் தொடங்கும். ஆனால் அதை நிரூபித்த பிறகுதான் மாற்ற வேண்டும். பர்னர் அணையும் நொடியில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் சுவிட்சின் இரண்டு முனைகளில் வைத்தால், 24 வோல்ட் காட்டினால் சுவிட்ச் திறந்திருக்கிறது, பூஜ்யம் காட்டினால் மூடியிருக்கிறது. பூஜ்யம் என்றால் பழி வேறெங்கோ. 24 காட்டி, அதே சமயம் வெப்ப ஏற்றம் பெயர்த்தகட்டின் எல்லைக்குள்ளேயே இருந்து, சுவிட்சின் அருகே சூடு அதில் பொறித்த எண்ணுக்கு வெகு கீழே இருந்தால், சுவிட்ச் தளர்ந்துவிட்டது. ஏற்றம் எல்லை மீறி இருக்கும்போது சுவிட்சை மாற்றுவது காசை வீணாக்குவது; புதியதும் அதே சூட்டில் திறக்கும். அது பிடிவாதமாகத் திறக்கிறதே என்று கூடுதல் எண் கொண்ட சுவிட்சைப் போடுவதோ, இரண்டு கம்பிகளையும் நேராக முறுக்கி இணைத்துவிடுவதோ உயிரோடு விளையாடும் செயல். தகட்டைக் காக்க இருந்த ஒரே காவலை எடுத்துவிட்டு அதைத் தொடர்ந்து சூடேற்றுவதாக அது முடியும்.

அந்தத் தகட்டுக்கு என்ன ஆகும் என்பதே இந்தக் கோளாறின் உண்மையான அபாயம். சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்தாலும், மணிக்குப் பத்துமுறை உச்சச் சூட்டுக்கு ஏறி இறங்கும் உலோகம் ஒவ்வொரு முறையும் விரிந்து சுருங்குகிறது. வளைவுகளிலும் மடிப்பு இணைப்புகளிலும் நாளடைவில் விரிசல் விழும். விரிசலால் பர்னரின் தீ கலைந்து கேஸ் சரியாக எரியாமல் போகலாம். அப்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடு வீட்டின் காற்றில் கலக்கும் வழியும் திறந்துவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எரிபொருளால் இயங்கும் கருவிகள் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அதைக் கண்டறியும் அலாரம் இருப்பது ஒன்டாரியோவில் 2014 முதல் கட்டாயம். பேஸ்மென்ட்டில் யாராவது தூங்கினால் அங்கும் வேண்டும். புளோவர் ஓடத் தொடங்கும் கணத்தில் பர்னரின் நீலத்தீ ஆடினாலோ, மஞ்சளாகி வெளியே நாக்கு நீட்டினாலோ ஃபர்னஸை உடனே அணைத்துவிட வேண்டும். பர்னர்களுக்கு அருகே ரோல்அவுட் சுவிட்ச் என்று இன்னொன்று உண்டு. தீ வெளியே பாய்ந்தால் துண்டிப்பது அது. லிமிட் சுவிட்சைப் போலத் தானாக மூடாது. நடுவில் இருக்கும் சிறு பொத்தானைக் கையால் அழுத்தினால்தான் பழைய நிலைக்கு வரும். அது விழுந்திருந்தால் அழுத்தாமல் விட்டுவிட்டு, ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பரிசோதிக்க டெக்னீஷியனை அழைக்க வேண்டும்.

விரிசல் இல்லையென்று உறுதியாகி, தளர்ந்த சுவிட்சைத்தான் மாற்ற வேண்டும் என்று வந்தால், ஃபர்னஸின் மாடல் எண்ணுக்கு உரிய அதே பாகத்தை, அதே எண் பொறித்ததை வாங்க வேண்டும். மாற்றிய பிறகு இருபது நிமிடம் முழுத்தீயில் ஓட்டி வெப்ப ஏற்றத்தை மறுபடி அளந்து, தேதியோடு புளோவர் கதவின் உட்புறம் பேனாவால் எழுதி வைப்பது நல்ல டெக்னீஷியன்களின் வழக்கம். அடுத்த குளிர்காலத்தில் அதே எண் பத்து டிகிரி கூடியிருந்தால், பர்னர் பாதியில் அணையத் தொடங்கும் முன்பே எங்கோ காற்று அடைபடுகிறது என்பது தெரிந்துவிடும்.